வடக்குச் சுவரில் இறங்கும் வெயில்

ஆரல்வாய்மொழி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டேகால் டிகிரியில் இருக்கும் ஊர். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே உச்சிவெயில் தெற்கிலிருந்து வராது. சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே தள்ளி நிற்கும். ஜூன் 21 அன்று அந்தத் தள்ளல் 15 டிகிரியை எட்டும். கிழக்கு நோக்கிய ஒரு கோயிலின் வடக்குச் சுவரில் அன்று பகல் 12.20 வாக்கில் வெயில் மேலிருந்து கீழாக, கல்லை உரசிக்கொண்டே இறங்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் அப்போது வரிவரியாக எழுத்து எழுவதைக் காணலாம்.

நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளைத் தேடி அலைந்தவர்கள் இந்த வெயிலை நன்றாக அறிவார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் கவிஞராக மட்டுமே நினைக்கிறோம். அவர் இந்த வட்டாரக் கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதியவரும்கூட. திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளில் அச்சேறிய வட்டெழுத்து, தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை மைப்படி எடுத்துப் படித்தவை. நனைத்த தாளைக் கல்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றி எடுப்பார்கள். தாள் இறங்கிய இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். ஆழமாக வெட்டிய எழுத்துக்கு இன்றும் இதற்கு ஈடான முறை குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது தாள் ஒட்டுமுன்பே காய்ந்து ஓரம் தூக்கிவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. தேய்ந்துபோன எழுத்தில் பள்ளத்துக்குக் கரையே இருக்காது. மைப்பொதி மேட்டைத் தொடுவதுபோலவே பள்ளத்தின் அடியையும் தொட்டுவிடும். படி முழுக்கக் கறுத்துப் போகும்.

அப்படித் தேய்ந்த எழுத்தில் சாய்ந்த ஒளி என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓர் எழுத்துக்கோடு 8 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரந்து, அரை மில்லிமீட்டர் ஆழம்தான் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து நடுப்பகுதி 4 மில்லிமீட்டர் தூரம். ஆகவே பள்ளத்தின் இரு பக்கமும் ஏறத்தாழ 7 டிகிரி சரிவு. ஒரு பரப்பு வாங்கும் வெளிச்சம், ஒளி அதில் விழும் கோணத்தின் சைன் மதிப்புக்கு ஏற்றபடி மாறும். ஃபிளாஷை நேர் எதிரே வைத்து அடித்தால் சரிவான பக்கங்களுக்கும் சமமான கல்லுக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு ஒரு சதவீதம்கூட வராது. விளக்கை 60 டிகிரிக்குச் சாய்த்தால் ஒரு பக்கம் 8 சதவீதம் மங்கும். 15 டிகிரிக்குத் தாழ்த்தினால் விளக்கைப் பார்த்திருக்கும் பக்கம் சமமான கல்லைவிட 45 சதவீதம் கூடுதலாக ஒளிரும். விளக்குக்கு முதுகு காட்டும் பக்கம் ஏறக்குறைய அதே அளவு இருளும். கல்லில் எதுவும் மாறவில்லை; விளக்கின் இடம்தான் மாறியது. இரவில் லாரியின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில், பகலில் கண்ணுக்குப் படாத சாலைப் பள்ளமெல்லாம் தெரிவதும் இதனால்தான்.

இந்தச் சதவீதங்கள் நம் ஊர்க் கல்லுக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துப் பாறைகளில் பெரும்பகுதி நைஸ், சார்னோக்கைட் வகைகள். வெளிறிய குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் கறுப்பு மைக்காவும் செந்நிறக் கார்னெட்டும் அவற்றில் கலந்து கிடக்கும். கல்லின் இந்தப் புள்ளியும் கோடும் தரும் நிற வேறுபாடு 8 சதவீதத்தை எளிதாக விழுங்கிவிடும். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கணினியில் எவ்வளவு கூர்மையாக்கினாலும் எழுத்து வராததற்குக் காரணம் இதுவே. அங்கே கூர்மையாவது மைக்காதான்.

அப்படியென்றால் விளக்கை இன்னும் தாழ்த்தி 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் என்ன? அந்த அளவில் எழுத்தின் ஒரு பக்கம் முழு நிழலுக்குள் போய்விடும். அதோடு கல்லின் ஒவ்வொரு மணலளவு முடிச்சும் நிழல் வீசத் தொடங்கும். எழுத்தும் சொரசொரப்பும் பின்னிக்கொண்டு கண்ணைக் கெடுக்கும். தேய்ந்த எழுத்துக்கு 10 முதல் 20 டிகிரி வரை தோது. ஆழமான எழுத்துக்கு 30, 40 கூடப் போதும்.

வடக்குச் சுவருக்குத் திரும்பலாம். நடுப்பகல் வெயில் அழகாக எழுத்தைக் காட்டுகிறது, ஆனால் பாதி எழுத்தைத்தான். ஒளி வரும் திசையிலேயே ஓடும் பள்ளத்துக்கு நிழல் கிடையாது. அதன் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வாங்கும். மேலிருந்து வரும் வெயிலில் கிடைக்கோடுகள் எழும், நெடுக்குக்கோடுகள் கரைந்துவிடும். ‘ப’ என்ற எழுத்தின் அடிக்கோடு மட்டும் தெரியும், இரண்டு கால்களும் காணாமல் போகும். இன்னும் கெடுதல், நெடிலுக்குப் போடும் கால் ஒற்றை நெடுக்குக்கோடு என்பது. அது மறைந்தால் ‘காலம்’ என்று வெட்டியதைக் ‘கலம்’ என்று படித்துவிடலாம். கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லைப் பற்றிய கல்வெட்டில் இந்த ஒரு கோட்டால் பொருளே திரும்பிவிடும்.

அதே ஜூன் மாதம் காலையில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது. வடக்குச் சுவரை நோக்கி நிற்பவருக்கு அந்த வெயில் இடப்பக்கத்திலிருந்து, சுமார் 24 டிகிரி சாய்வில் வரும். இப்போது நெடுக்குக்கோடுகள் எழும், அடிக்கோடு அமுங்கும். மாலையில் வலப்பக்கத்திலிருந்து மறுபடி நெடுக்குக்கோடுகள், நிழல் மட்டும் இடம் மாறி. மூன்று வேளைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஓர் எழுத்து முழுதாகும். நடப்பில் காலை, மாலை வெயிலை மதில் மறைத்துவிடும். நடுப்பகல் வெயிலைக் கொடுங்கை மறைக்கும். அதிட்டானத்தின் ஜகதியிலும் குமுதத்திலும் மட்டும் கொஞ்சம் விழும். தென்மேற்குப் பருவமழை மேகம் வேறு. எனவே சூரியன் செய்வதை ஒரு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

மாலை இருட்டிய பிறகு தொடங்குவது நல்லது. காமிரா முக்காலியில், கல்லுக்கு நேர் எதிரே. ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, குவியமும் ஒளியளவும் கையால் வைத்துப் பூட்டியபடி, ரா கோப்பாக. முதலில் விளக்கில்லாமல் ஒரு படம் எடுங்கள். அது முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் தெருவிளக்கோ நிலவோ கலக்கிறது என்று பொருள். கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். அடுத்தது விளக்கின் தூரம். ஒரு மீட்டர் அகலக் கல்லுக்கு அதன் ஓரத்திலிருந்து ஒரு மீட்டரில் விளக்கு வைத்தால், மறு ஓரத்துக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும். மூன்று மீட்டருக்கு நகர்த்தினால் பாதிக்கு மேல் போகும். ஒரு நூலை அளந்து வெட்டி விளக்கில் கட்டி, மறுமுனையைக் கல்லின் நடுவுக்கு நீட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டால், எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் தூரம் மாறாது. மேல், இடம், வலம், கீழ், இடைப்பட்ட நான்கு மூலைகள் என எட்டுத் திசை. கடைசியில் நேரெதிரே ஒன்று. கணவாய்க் காற்றில் விளக்கு ஆடினால் பாதகமில்லை. காமிரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. முக்காலியின் நடுக்கொக்கியில் மணல்பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும்; அது தரையைத் தொட்டு நிற்க வேண்டும், ஊஞ்சலாடக் கூடாது.

நேரெதிர்ப் படம் எதற்கு? கல்லின் நிறப்புள்ளிகளை நீக்குவதற்கு. சாய்வொளிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் இரண்டின் பெருக்கல்: கல்லின் நிறம், கல்லின் சரிவு. நேரெதிர்ப் படத்தில் சரிவின் பங்கு ஏறக்குறைய இல்லை, நிறம் மட்டுமே. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நிறம் அடிபட்டுப்போய்ச் சரிவு மட்டும் மிஞ்சும். ஜிம்ப் மென்பொருளில் சாய்வொளிப் படத்தை அடியிலும் நேரெதிர்ப் படத்தை மேலும் வைத்து, மேல் அடுக்கை `Divide` என்று மாற்றினால் போதும். அடிப்படம் சற்று இருட்டாக இருக்கட்டும். இல்லையென்றால் வெளிச்சமான இடங்கள் வெள்ளையாக வெடித்துவிடும். இதன் பிறகுதான் மங்கல், அடர்த்தி வேறுபாட்டை இழுத்துக் கூட்டும் வேலை. படம் முழுவதற்கும் ஒரே அளவாகக் கூட்டாமல், சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து அங்கங்கே கூட்டும் முறை தேய்ந்த கல்லுக்குப் பொருந்தும். அளவு மீறினால் காமிராவின் இரைச்சலே கோடுகளாக வளரும்.

இந்த எண்ணத்தின் முழு வடிவத்தை 2001இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். பல திசை விளக்கில் எடுத்த நாற்பது, ஐம்பது படங்களைச் சேர்த்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு சமன்பாடு பொருத்துவது அது. பிறகு கணினித் திரையில் சுட்டியை நகர்த்தினால் விளக்கையே நகர்த்துவதுபோல நிழல் மாறும். கல்லோரத்தில் ஒரு பளபளப்பான கறுப்புக் குண்டை வைத்து எடுத்தால், அதில் விழும் ஒளிப்பொட்டின் இடத்தைக் கொண்டே விளக்கு எங்கிருந்தது என்று மென்பொருள் கண்டுகொள்ளும்.

ஒளியின் திசையில் ஓடும் கோடு கரைந்துவிடும் என்ற அதே விதிதான் ஓலைச்சுவடியிலும் வேலை செய்கிறது, திருப்பிப் போட்டபடி. எழுத்தாணி கீறிய கோட்டில் தேய்த்த கரி உதிர்ந்துவிட்ட ஓலையில், நீளவாக்கில் ஓடும் நரம்புகள்தான் கண்ணை மறைக்கும். விளக்கை ஓலையின் நீளத்தோடு சாய்த்துப் பிடித்தால் நரம்புகள் ஒளியின் திசையிலேயே கிடப்பதால் அமுங்கிவிடும். குறுக்கே போகும் எழுத்தாணிக் கீறல் எழும். கரி தங்கியிருந்து ஓலை கறுத்துப்போயிருந்தால் சாய்வொளி உதவாது, அகச்சிவப்பு வேண்டும். கரி அகச்சிவப்பிலும் கறுப்பாகவே நிற்கும். ஓலையின் பழுப்பு வெளிறிவிடும். உடுப்பி மத்வாச்சாரியரின் ‘சர்வமூல கிரந்த’ ஓலைகளை 2006 வாக்கில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பி.ஆர். முகுந்தும் ரோஜர் ஈஸ்டனும் இப்படித்தான் படம்பிடித்தார்கள்.

படத்தில் எழுந்தது எழுத்துத்தானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இடப்பக்க விளக்கில் எடுத்ததையும் வலப்பக்க விளக்கில் எடுத்ததையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெட்டிய கோடாக இருந்தால் இருண்ட பக்கமும் ஒளிர்ந்த பக்கமும் இடம் மாறும். எண்ணெய்க் கறையோ கல்லின் நரம்போ என்றால் அப்படியே நிற்கும். வெடிப்பு மாறும், ஆனால் எழுத்துக்கோட்டைப்போல ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியாமல், வரியைத் தாண்டி ஓடும். படத்தை வெளியிடும்போது ஒளி மேல் இடப்பக்கத்திலிருந்து வருமாறு வைக்க வேண்டும். கீழிருந்து வந்தால் நம் கண் பள்ளத்தை மேடாகப் படித்துவிடும், எழுத்து புடைத்து நிற்பதுபோலத் தோன்றும்.

மைதா மாவும் சாக்பீஸும் பூசிப் படிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. மாவு பள்ளத்தில் தங்குவதைவிட, பூசுகிறவரின் விரல் எதை எழுத்து என்று எண்ணுகிறதோ அங்கே தங்குகிறது. அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, முந்தியவரின் விரலைப் படிக்கிறார். சாய்வொளிப் படத்துக்கும் எல்லை உண்டு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த சுவரிலும், மேல்தோல் உரிந்து விழுந்த கல்லிலும் சரிவே மிஞ்சாது. எந்த விளக்குக்கும் அங்கே வேலையில்லை. அந்த இடத்தைப் படியில் புள்ளியிட்டு விட வேண்டும். ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் போட்டு, அதை எந்தத் திசை விளக்கில் கண்டோம் என்பதையும் சேர்த்துக் குறித்து, அந்தத் திசைப் படத்தையும் எதிர்த்திசைப் படத்தையும் தொடாத ரா கோப்பாகவே பக்கத்தில் வைத்தால், இன்னொருவர் அதே கல்லின் முன்னால் நிற்காமலே ‘கலமா, காலமா’ என்று சரிபார்க்க முடியும்.