நீர்மோரும் நன்னாரியும்: தண்ணீர் கலந்த பிறகு

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையை நெருங்கும்போது எளாவூர் வருகிறது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் கரையோர மீனவக் குப்பங்களும் இருக்கின்றன. மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் லாரி ஓட்டுபவருக்கும் வெயிலில் வலை உலர்த்துபவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: குளிர்ச்சியாக, வயிற்றைக் கெடுக்காத ஒரு டம்ளர். நீர்மோர், எலுமிச்சைச் சாறு, நன்னாரி சர்பத் என்று பந்தலில் மூன்றும் கிடைக்கும். இவற்றைப் பகல் முழுவதும் கெடாமல் வைத்திருக்கும் வழி, இவை எதனால் கெடாமல் இருக்கின்றன என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

மூன்று பானங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. கெட்டியாக இருக்கும்வரை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து அந்தக் காவல் தளர்கிறது.

தயிரில் காவல் காப்பது லாக்டிக் அமிலம். பாலிலுள்ள சர்க்கரையை உறைமோரின் பாக்டீரியாக்கள் இந்த அமிலமாக மாற்றுகின்றன. பாலின் பி.எச். அளவு ஏறக்குறைய 6.7. அது 4.6-க்கு அருகே இறங்கும்போது பால் உறைகிறது. நன்கு புளித்த தயிரில் இன்னும் இறங்கும். அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் பெருகத் திணறும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்தால் அமிலத்தின் செறிவு நாலில் ஒரு பங்காகிறது. புளிப்பு ஓரளவு மிஞ்சினாலும், இப்போது பானத்தின் முக்கால் பங்கு தண்ணீர். அதிலிருந்த கிருமி எல்லாம் மோருக்குள் வந்துவிட்டது.

நன்னாரி சர்பத்தில் காவல் காப்பது சர்க்கரை. வேரைக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள கட்டை நரம்பை நீக்கிவிட்டு, மணமுள்ள பட்டையை மட்டும் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். ஒரு லிட்டர் வடிநீருக்கு ஒன்றே முக்கால் முதல் இரண்டு கிலோ சர்க்கரை சேர்த்து மறுபடி கொதிக்கவைத்தால் பாகில் சர்க்கரை 65 சதவீதத்தை எட்டும். அந்தச் செறிவில் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகள் வளர ஈரம் கிடைக்காது. ஈரக் கரண்டியை விட்டாலோ, ஈரம் காயாத புட்டியில் ஊற்றினாலோ அந்த இடத்தில் மட்டும் பாகு நீர்த்துப்போகும். ஈஸ்ட் அங்கேதான் தொடங்கும். மூடியைத் திறக்கும்போது காற்று சீறினால், குமிழ் எழும்பினால், அந்தப் புட்டியை ஒதுக்கிவிட வேண்டும். இதே பாகைத் தண்ணீரில் கலந்துவிட்டால் அது வெறும் இனிப்பு நீர். அமிலம் இல்லை, செறிவும் இல்லை. நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். இழந்த காவலில் ஒரு பகுதியை அது திருப்பித் தருகிறது.

எலுமிச்சைச் சாறு இவற்றில் மிகப் புளிப்பானது. அதன் பி.எச். இரண்டரைக்கு அருகில் இருக்கும். காலரா கிருமிக்குப் புளிப்பு ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 1990-களில் காலரா பரவியபோது, சோற்றுக்கான குழம்பில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏரியோர மக்களுக்கு இந்தச் செய்தி நெருக்கமானது. காலரா கிருமியின் இயற்கை வாழிடங்களில் ஒன்று, கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்தான். ஆனால் இதை வைத்து எலுமிச்சை எந்தத் தண்ணீரையும் சுத்தமாக்கிவிடும் என்று எண்ணக் கூடாது. வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவும் மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரசும் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும். ஷிகெல்லா சில நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரும். புளிப்பு இரண்டாவது காவல். முதல் காவல் நல்ல தண்ணீர்.

ஆகவே பந்தலுக்கான அடிப்படை முறை இது: கெட்டியைக் கெட்டியாகவே கொண்டுவர வேண்டும், தண்ணீரைத் தனியே சுத்தமாக்கி வைக்க வேண்டும், இரண்டையும் விற்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

நூறு பேருக்கு நீர்மோர் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர். அதற்கு 5 லிட்டர் தயிரும் 15 லிட்டர் தண்ணீரும் வேண்டும். முதல்நாள் இரவே தண்ணீர் வேலை தொடங்குகிறது. குமிழ் கொப்பளிக்க ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடலாம். எரிவாயு கட்டுப்படியாகாது என்றால் குளோரின் மாத்திரை போடலாம். அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறதோ அதன்படி போட்டு, அரைமணி நேரம் விட வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டித் தெளியவைக்க வேண்டும். அழுக்கே குளோரினைத் தின்றுவிடும் என்பதுதான் காரணம். மோர் கரைத்த பிறகு மாத்திரை போடுவது வீண். பாலிலுள்ள புரதம் குளோரினை உடனே பிடித்துக்கொள்ளும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரித்தால், கொதிக்கவைப்பதாலோ குளோரினாலோ அந்த உப்பு போகாது. அதற்கு நல்ல தண்ணீரைத்தான் பிடித்துவர வேண்டும்.

அடுத்தது மசாலா. இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் மண்ணிலிருந்து வருபவை. பச்சையாக அரைத்துக் கொட்டினால் மண்ணின் கிருமியும் மோருக்குள் வரும். 100 கிராம் இஞ்சியும் பத்துப் பதினைந்து மிளகாயும் அரைத்து, 60 கிராம் உப்பு சேர்த்து, எடுத்துவைத்த தண்ணீரிலிருந்து ஒரு லிட்டரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் காரமும் மணமும் இறங்கிவிடும். கறிவேப்பிலையும் பெருங்காயமும் கடுகோடு தாளிப்பில் போகட்டும். கொத்தமல்லியைக் குளோரின் நீரில் அலசி நறுக்கி, டம்ளரில் மேலாகத் தூவினால் போதும்.

இந்தக் காரநீர் ஒரு பாத்திரத்தில், தயிர் இன்னொன்றில், தண்ணீர் மூன்றாவதில். பந்தலில் ஒரு தடவைக்கு 5 லிட்டர் மட்டும் கரைக்க வேண்டும். கூட்டம் இருந்தால் அது ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இந்தச் சின்ன அளவு எதற்கென்றால், தோதான வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். புளிப்பு அந்த வேகத்தைக் குறைக்கும். காலை ஆறு மணிக்கு அண்டாவில் கரைத்து மாலைவரை ஊற்றும் மோரில் அதை நம்பி இருக்க முடியாது. கரைத்த மோர் வெயில் வேளையில் இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுவதே நல்லது. மணத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. அதிகம் புளித்த மோர் பெரும்பாலும் தீங்கற்ற பாக்டீரியாவின் வேலை. நோய் தரும் கிருமியோ வாடையையும் ருசியையும் மாற்றாமலே இருக்கும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து வாந்தியைக் கிளப்பும். எலுமிச்சையும் அப்படியே. பழத்தைக் கழுவி, அவ்வப்போது பிழிய வேண்டும். பிழிந்து வைத்த சாறு நேரமாக ஆகக் கசக்கும். பழத்திலுள்ள ஒரு பொருள் புளிப்பில் மெல்ல மாறுவதால் வருவது அந்தக் கசப்பு. பழம் நறுக்கும் கத்தியும் பலகையும் மீன் பக்கமே போகக் கூடாது. இறால், நண்டு தொட்ட கையில் வயிற்றுப்போக்கு தரும் கடல் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கலாம்.

இனி குளிர்ச்சி. மீன் இறங்கும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆபத்தும் அதில்தான். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் பார் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது தரையில் இழுபட்டு, சாக்கில் உடைபட்டு வருகிறது. உறைவதால் கிருமி சாவதில்லை, தூங்கி எழுகிறது. உண்ணத் தகாத ஐஸை நீலச் சாயமிட்டு வேறுபடுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே ஐஸ் குடிக்கத் தக்கதாகிவிடாது.

அந்த ஐஸையே பாத்திரத்துக்கு வெளியே வைத்தால் பிரச்சினை இல்லை. 20 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறக்க, ஏறக்குறைய 5 கிலோ ஐஸ் உருகினால் போதும். வெளி வெப்பமும் அதை உருக்கும் என்பதால் 8 கிலோ வைத்துக்கொள்ளலாம். பெரிய தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் மூடிய எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி, சாக்கு போர்த்திவிட வேண்டும். உருகிய நீர் பாத்திரத்தின் விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நிற்க வேண்டும். தயிருக்கும் இதே ஏற்பாடு. டம்ளருக்குள் ஐஸ் வேண்டும் என்பவருக்கு, கொதித்து ஆறிய நீரில் வீட்டு பிரிட்ஜில் உறையவைத்ததைப் போடலாம்.

மண்பானைக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. வேலூரின் வறண்ட காற்றில் அது அருமையாக வேலை செய்யும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்தப் பகுதியில் காற்றே ஈரமாக இருப்பதால் சில டிகிரிதான் இறங்கும். குடிநீருக்கு அது போதும், மோருக்குப் போதாது. மேலும் மண்ணின் நுண்துளைகளில் புகுந்த பால்கொழுப்பைக் கழுவி எடுக்க முடியாது.

கடைசியாக டம்ளர். பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. எவர்சில்வர் டம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால், முதல் ஆளின் எச்சில் நூறாவது ஆளுக்குப் போகும். சோப்பு போட்டுக் குழாயடியில் கழுவி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இங்கே உண்மையாகவே பயன்படுகிறது. ஊற்றும் ஆள் பாத்திரத்துக்குள் கைவிடாமல் இருக்க, அடியில் குழாய் வைத்த பாத்திரமோ நீண்ட பிடியுள்ள கரண்டியோ தேவை.

ஒருவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் நீர்மோரோடு நிறுத்தக் கூடாது. உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் சேரும்போதுதான் குடல் தண்ணீரை விரைந்து உறிஞ்சும். மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதற்காகவே அளந்து செய்யப்பட்டது. அது கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமக் கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கரண்டி என்பது இங்கே டீஸ்பூன். பந்தல் பெட்டியில் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் ஓர் அளவுக் கரண்டியும் இருக்கட்டும்.