இட்லிப் பொடிக்கு வந்த பெரிய ஆர்டர்

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகளை அப்போதே அழித்துவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் பிடிப்பவர்கள், முதலில் நூறு இருநூறு அனுப்பி நம்பவைத்து, பிறகு அடுத்த 'டாஸ்க்'குக்கு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது.

அதற்கு, கைப்பழக்கமான இட்லிப் பொடியை வாட்ஸ்அப் பிசினஸில் விற்பது எவ்வளவோ மேல். செயலி இலவசம். விற்கும் உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், சிறு அளவில் செய்பவருக்கு உரிமம் தேவையில்லை, பதிவே போதும். foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போடுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. குடும்பச் சேமிப்பு இருக்கும் கணக்கை வியாபாரத்துக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, ஜிபே, போன்பே எதுவானாலும் அதோடு மட்டும் இணையுங்கள். வரும் பணத்தை அவ்வப்போது எடுத்துவிட்டால், ஏமாந்தாலும் இழப்பு சிறியதாக இருக்கும்.

இனி ஆர்டருக்கு வருவோம். அக்கம்பக்கத்தார் கால் கிலோ கேட்கும்போது சிக்கல் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் விலைகூடப் பேசாமல் ஐந்து கிலோ கேட்பார். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், எங்கள் அலுவலக முறைப்படிதான் பணம் வரும் என்பார். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கம்மா, 2,500 ரூபாய் ஏறிவிடும்" என்பார். போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் 2,500 போகும். யுபிஐயில் பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பணம் வரும் என்று சொல்லிப் பின் போடச் சொன்னாலே பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள்.

இன்னொரு வகை, "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பது. ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட்டோ, வங்கி அனுப்பியதுபோல ஒரு குறுஞ்செய்தியோ வரும். அது சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தால் போலிதான். எதிர்முனையில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் உங்கள் செயலியில் இருப்பைப் பாருங்கள். பணம் ஏறிய பிறகே பார்சல் கட்டுங்கள்.

பணம் போய்விட்டதா? வீட்டில் திட்டுவார்களே என்று ஒளிக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கேட்பார்கள். வங்கிக்கும் சொல்லிவிட்டு, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். அந்த ஆளின் உரையாடலை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.