எல்லைக் கோட்டில் இரண்டாகிப் போன ரயில் கட்டணம்

ரயிலில் சரக்கு போகும் தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களிலிருந்து பிரான்ஸின் லொரேன் எஃகு ஆலைகளுக்குப் போன நிலக்கரிக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லையைத் தொட்டதும் ஒரு பயணம் முடிந்து இன்னொன்று தொடங்குவதாக ரயில்வேக்கள் கணக்கெழுதின. நிலக்கரியை யாரும் இறக்கி ஏற்றவில்லை. ஆனாலும் இரண்டு குறுந்தூரப் பயணங்களுக்கான காசு, இரண்டு முறை நிலையக் கட்டணம்.

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1951-இல் நிலக்கரி, எஃகு சமூகத்தை அமைத்தன. 1953 பிப்ரவரியில் நிலக்கரிக்குப் பொதுச் சந்தை திறந்தது. சுங்கவரி போனது, ஆனால் அதன் வேலையை ரயில் கட்டணம் செய்துகொண்டிருந்தது. நிலக்கரிக்காகக் கூடியவர்கள் ரயில்வேயிலும் கைவைக்க வேண்டியதாயிற்று. 1955-இல் எல்லை கடந்தாலும் ஒரே பயணமாகக் கணக்கிடும் கட்டணத்துக்கு அரசுகள் ஒப்புக்கொண்டன.

ஒரு துறையில் கைகோத்தால் அடுத்த துறைக்குள்ளும் அது வழிந்தோடும் என்று சொல்வது இதைத்தான். டேவிட் மித்ரானி 1943-இலேயே இதற்கு அருகில் வந்திருந்தார். நாடுகள் அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு, போக்குவரத்து போன்ற பொதுத் தேவைகளை நிபுணர்களிடம் விட்டால் சமாதானம் தானாக வளரும் என்பது அவருடைய செயல்பாட்டுவாதம். அந்தத் ‘தானாக’ என்பதை எர்ன்ஸ்ட் ஹாஸ் நம்பவில்லை. யாராவது தள்ள வேண்டும் என்றார். 1958-இல் வெளியான அவருடைய நூல், நவ செயல்பாட்டுவாதத்தின் தொடக்கம். எல்லை தாண்டிய அமைப்பின் அதிகாரிகள் தங்கள் வேலை முடிய அடுத்த துறையைக் கேட்பார்கள். ஆதாயம் கண்ட தொழிலதிபர்களும் தொழிற்சங்கங்களும் தலைநகரை விட்டு அந்த அமைப்பின் வாசலுக்கு வருவார்கள். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி அதற்கு நல்ல சாட்சி. நிலக்கரி ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த அதே கட்சி, 1957-இல் பொதுச் சந்தைக்கான ரோம் ஒப்பந்தத்தை ஆதரித்தது.

ஆனால் இந்த ஓட்டம் எல்லாப் பக்கமும் போகவில்லை. ஆறு நாடுகளின் படைகளையும் இணைக்கும் திட்டத்தை 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே கைவிட்டது. ரயில் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதும் ராணுவத்தை விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்லவே.

அதைவிட உறுத்துவது நிலக்கரியிலேயே நடந்தது. 1958-இல் மலிவான எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் வந்து, சுரங்க வாசல்களில் விற்காத கரி குவிந்தது. நெருக்கடி நிலையை அறிவித்து ஒவ்வொரு நாட்டின் உற்பத்திக்கும் வரம்பு கட்ட சமூகத்தின் உயர் ஆணையம் முனைந்தது. அமைச்சர்கள் குழுவின் சம்மதம் தேவை. 1959 மே மாதம் அது மறுக்கப்பட்டது. ஹாஸின் நூல் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாடுகள் அவரவர் சுரங்கங்களை அவரவரே பார்த்துக்கொள்ளத் தொடங்கின.