எல்போவுக்கு எல்போவின் அளவு மட்டும்

எக்செல் தாளில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் வலப்பக்கம் சின்ன அம்புக்குறி தோன்றி, அதை அழுத்தினால் ஒரு பட்டியல் கீழே இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ளதைத் தவிர வேறெதையும் அந்தக் கட்டம் ஏற்காது. இதுவே டிராப்-டவுன் பட்டியல். முதல் கட்டத்தில் என்ன தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைப் பார்த்து இரண்டாவது கட்டத்தின் பட்டியல் தானாக மாறினால், அந்த இரண்டாவது பட்டியல் சார்புப் பட்டியல் ஆகிறது. ஆர்டர் படிவங்களில் இதன் தேவை அதிகம். ஏனெனில் அங்கே ஒரு விவரம் இன்னொன்றைக் கட்டுப்படுத்துகிறது.

குழாய்ச் சாமான்கள் விற்கும் ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்ளலாம். கடையில் எல்போ நான்கு அளவுகளில் இருக்கிறது: 1/2, 3/4, 1, 1 1/4 அங்குலம். டீ மூன்று அளவுகளில்: 1/2, 3/4, 1 அங்குலம். பால் வால்வு இரண்டே அளவு: 1/2, 3/4 அங்குலம். ஆர்டர் எழுதுபவர் பொருளையும் அளவையும் தனித்தனிப் பட்டியலிலிருந்து எடுத்தால், கடையில் இல்லாத 1 1/4 அங்குல பால் வால்வும் ஆர்டரில் ஏறிவிடும். பால் வால்வைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு அளவுகள் மட்டுமே கண்ணில் பட வேண்டும்.

இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளின் அளவுகளையும் தனிப் பகுதியாக வைத்து, அந்தப் பகுதிக்குப் பொருளின் பெயரையே சூட்டி, INDIRECT என்ற சார்பின் மூலம் அந்தப் பெயரைக் கூப்பிடுவது அது. செய்வதற்குச் சுலபம். ஆனால் எக்செலில் ஒரு பகுதிக்கு வைக்கும் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது, பெயர் எண்ணில் தொடங்கவும் கூடாது. பால் வால்வு என்ற பெயரே இடைவெளியால் அங்கு சிக்கிக்கொள்ளும். அடிக்கோடு போட்டு ஒட்டவைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் நாற்பது பொருள் என்றால் நாற்பது பெயர் வைத்துப் பராமரிக்க வேண்டும். கடைக்கு அது ஒத்துவராது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்து, தேவையான துண்டை மட்டும் வெட்டியெடுக்கும் வழியே மேல்.

அதற்குக் கோப்பில் இரண்டு தாள்கள் வேண்டும். ஆர்டர் எழுதும் தாளுக்கு Order என்றும், பட்டியல்கள் இருக்கும் தாளுக்கு Lists என்றும் பெயர் வைக்கப்படுகிறது. Lists தாளின் A நெடுவரிசையில் பொருள், B நெடுவரிசையில் அளவு. முதல் வரி தலைப்பு. எல்போ 2 முதல் 5 வரை நான்கு வரிகளில் வருகிறது. டீ 6 முதல் 8 வரை, பால் வால்வு 9, 10 ஆகிய வரிகளில். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட வேண்டும். பார்க்க வீண் வேலை போலத் தோன்றினாலும், சூத்திரம் எண்ணுவது அந்தப் பெயர்களைத்தான். அளவை வெறும் 1/2 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். 1/2 அங்குலம் என்று சொல்லோடு சேர்த்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. E நெடுவரிசையில் E2 முதல் E4 வரை பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரே முறை எழுதப்படுகின்றன.

Order தாளில் ஐந்தாம் வரியிலிருந்து ஆர்டர் தொடங்குகிறது. B நெடுவரிசை பொருளுக்கு, C அளவுக்கு, D எண்ணிக்கைக்கு. B5 முதல் B30 வரை தேர்ந்தெடுத்து, Data பட்டையில் Data Validation என்பதைத் திறந்து, Allow என்ற இடத்தில் List என்று வைத்து, Source என்ற பெட்டியில் இதை எழுத வேண்டும்:

```
=Lists!$E$2:$E$4
```

அடுத்து C5 முதல் C30 வரை, C5-இலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுத்து, அதே Source பெட்டியில்:

```
=OFFSET(Lists!$B$1,MATCH($B5,Lists!$A:$A,0)-1,0,COUNTIF(Lists!$A:$A,$B5),1)
```

நீளமாக இருந்தாலும் இது கேட்பது இரண்டே கேள்விகள்: அந்தப் பொருள் எந்த வரியில் தொடங்குகிறது, எத்தனை வரி நீள்கிறது. B5-இல் டீ இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். MATCH, A நெடுவரிசையில் டீ முதலில் வரும் இடத்தைத் தேடி 6 என்கிறது. அதில் ஒன்று கழித்தால் 5. COUNTIF, டீ என்ற பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி 3 என்கிறது. OFFSET, B1-இலிருந்து ஐந்து கட்டம் கீழிறங்கி B6-க்குப் போய், அங்கிருந்து மூன்று கட்ட உயரத்துக்குத் துண்டு போடுகிறது. B6 முதல் B8 வரை, அதாவது டீயின் மூன்று அளவுகள், பட்டியலாக இறங்குகின்றன. $B5 என்பதில் எழுத்துக்கு முன் மட்டும் டாலர் குறி இருப்பதால் ஆறாம் வரிக்கு B6, ஏழாம் வரிக்கு B7 என்று சூத்திரம் தானே நகர்ந்துகொள்ளும். $B$5 என்று எழுதிவிட்டால் எல்லா வரிகளும் முதல் வரியின் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

B5 காலியாக இருக்கும்போது இதை அமைத்தால், மூலம் இப்போது பிழையைத் தருகிறது, தொடரலாமா என்று எக்செல் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, Yes கொடுத்தால் போதும். ஆனால் அதே சாளரத்தில் Ignore blank என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். குறி இருந்தால், பொருளைத் தேர்ந்தெடுக்காமலே அளவுக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் தட்டிவிட முடியும், எக்செல் தடுக்காது. Error Alert பக்கத்தில் Style என்பது Stop ஆகவே இருக்கட்டும். Warning என்றால் எச்சரித்துவிட்டுத் தவறையும் ஏற்றுக்கொள்ளும்.

இந்த முறையின் உயிர்நாடி, ஒரு பொருளின் வரிகளெல்லாம் அடுத்தடுத்து இருப்பதுதான். அகரவரிசை தேவையில்லை, சேர்ந்திருந்தால் போதும். கடைக்கு 1 1/2 அங்குல எல்போ புதிதாக வருகிறது. அவசரத்தில் யாரோ அதைப் பட்டியலின் அடியில், 11-ஆவது வரியில் சேர்த்துவிடுகிறார். இப்போது எல்போ ஐந்து தடவை வருகிறது. ஆனால் தொடங்கும் இடம் பழையபடி இரண்டாம் வரிதான். ஆகவே OFFSET, B2 முதல் B6 வரை வெட்டுகிறது. B6 டீயின் அரை அங்குலம். எல்போவின் பட்டியலில் 1/2 அங்குலம் இரண்டு முறை தெரியலாம். புதிதாக வந்த 1 1/2 தெரியவே தெரியாது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே அளவு இரண்டு முறை தென்பட்டாலோ, சேர்த்த அளவு காணாமல் போனாலோ வரிசை கலைந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். புதிய வரி சேர்த்ததும் A நெடுவரிசையை வைத்து இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து வரிசைப்படுத்திவிட்டால் சரியாகிவிடும். A-ஐ மட்டும் தனியே வரிசைப்படுத்தினால் அளவுகள் வேறு பொருள்களோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய ஓர் இடைவெளியும் இதே போன்ற குழப்பத்தைத் தரும். டீ என்பதும், பின்னால் இடைவெளி உள்ள டீ என்பதும் எக்செலுக்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள். மூன்று அளவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு ஓட்டை படிவத்திலேயே இருக்கிறது. ஒருவர் எல்போவையும் 1 1/4 அங்குலத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு, வாடிக்கையாளர் மனம் மாறியதும் மேலே போய்ப் பொருளை மட்டும் பால் வால்வு என்று மாற்றுகிறார். அளவுக் கட்டம் 1 1/4 என்றே இருக்கும். எக்செல் ஒரு கட்டத்தைச் சோதிப்பது அதில் தட்டும் அந்த நேரத்தில்தான். பக்கத்துக் கட்டம் மாறியதற்காகத் திரும்பிப் பார்ப்பதில்லை. இல்லாத பால் வால்வு, பட்டியலெல்லாம் இருந்தும், ஆர்டரில் ஏறிவிட்டது. இதைத் தடுக்க, அளவு நிரம்பியிருக்கும் வரை பொருளை மாற்ற விடாமல் செய்யலாம். Lists தாளின் G2 கட்டத்தில் ‘முதலில் அளவை அழிக்கவும்’ என்று எழுதிவைத்து, B5 முதல் B30 வரையிலான Source பெட்டியை இப்படி மாற்ற வேண்டும்:

```
=IF($C5="",Lists!$E$2:$E$4,Lists!$G$2)
```

அளவு இருக்கும்போது பொருளின் அம்புக்குறியை அழுத்தினால் அந்த ஒரு வாசகம் மட்டுமே இறங்கும். பட்டியலே திறக்காதபடி செய்யும் வழிகளும் உண்டு. ஆனால் அம்புக்குறி வேலை செய்யாவிட்டால் எழுதுபவர் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். வாசகம் காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இதையும் மீறக்கூடியது நகலெடுத்து ஒட்டுவது. வேறு கட்டத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது, ஒட்டிய இடத்தின் பட்டியல் விதி அழிந்து, எடுத்த கட்டத்தின் தன்மை வந்து உட்கார்ந்துவிடும். மதிப்பை மட்டும் ஒட்டினால் விதி தங்கும். ஆனால் ஒட்டிய மதிப்பை அது சோதிக்காது. ஆகவே இரண்டாவது காவலாக, B5 முதல் C30 வரை தேர்ந்தெடுத்து, Conditional Formatting-இல் சூத்திர விதி ஒன்றை வைத்துச் சிவப்பு நிறம் கொடுக்கலாம்:

```
=AND($C5<>"",COUNTIFS(Lists!$A:$A,$B5,Lists!$B:$B,$C5)=0)
```

பொருளும் அளவும் Lists தாளில் ஒரே வரியில் சேர்ந்து இல்லாவிட்டால் அந்த வரி சிவக்கும். எந்த வழியில் தவறு நுழைந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

பொருள்கள் கூடும்போது E நெடுவரிசையையும் கையால் திருத்த வேண்டியிருப்பது ஒரு சுமை. எக்செல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் E நெடுவரிசையில் இருப்பதை அழித்துவிட்டு E2-இல் இந்த ஒரு சூத்திரத்தை எழுதினால், புதிய பெயர் தானாக வந்து சேரும்:

```
=UNIQUE(FILTER(A2:A500,A2:A500<>""))
```

அப்போது Source பெட்டியில் Lists!$E$2:$E$4 என்பதற்குப் பதிலாக Lists!$E$2# என்று எழுத வேண்டும். கடைசியில் உள்ள அந்தக் குறி, சூத்திரம் எத்தனை வரி நீண்டிருக்கிறதோ அத்தனையையும் எடுத்துக்கொள் என்று சொல்கிறது. FILTER சூத்திரத்தை நேராக Source பெட்டியிலேயே எழுத முயல்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தப் பெட்டி கட்டங்களின் பகுதியைத்தான் ஏற்கும், சூத்திரம் கணக்கிட்டுத் தரும் மதிப்புகளை ஏற்காது. OFFSET அங்கே வேலை செய்வதற்குக் காரணம், அது மதிப்பைத் தராமல் இடத்தைக் காட்டுவதுதான்.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு மேலே சொன்ன OFFSET வழி கைகொடுக்காது. அங்கே டிராப்-டவுனுக்குச் சூத்திரம் தர முடியாது, பகுதி மட்டுமே தர முடியும். ஒவ்வொரு ஆர்டர் வரிக்கும் உரிய அளவுகளை FILTER மூலம் ஓரமாக ஒரு வரியில் வரவழைத்து, அந்த வரியைப் பட்டியலின் பகுதியாகக் காட்ட வேண்டும்.