போனில் காய்ச்சலைச் சொல்வது எப்படி?

“டாக்டர், அம்மாவுக்கு ரெண்டு மூணு நாளா காய்ச்சல். மாத்திரை கொடுத்தோம், கேக்கலை.”

போனில் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை என்ற இரண்டும் இதில் இல்லை. தொட்டுப் பார்க்க முடியாத டாக்டருக்கு இவைதான் முதலில் வேண்டும்.

அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை ஆறு மணிக்குக் குளிர் நடுங்கி, உடம்பெல்லாம் வலித்தது. இரவு வறட்டு இருமல் வந்தது. போன் செய்வது புதன் காலை பத்து மணிக்கு. கணக்குப் பார்த்தால் 40 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு இதை டாக்டர்கள் தாமதிக்காமல் யோசிப்பார்கள். “மூணு நாளா” என்று சொல்லியிருந்தால் அந்த நேரம் தாண்டிவிட்டதாக அவர் நினைக்கக்கூடும். நாளையும் மணியையும் சொல்லுங்கள். திடீரென்று வந்ததா, மெல்லத் தும்மலில் தொடங்கியதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ பெரும்பாலும் திடீரென்றுதான் தாக்கும்.

அடுத்தது தெர்மாமீட்டர். பத்து மணிக்கு 99.5 டிகிரி. கேட்டால் குறைந்துவிட்டது போலிருக்கும். ஆனால் எட்டு மணிக்குப் பாரசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் 102.4. மாத்திரை நேரத்தைச் சொல்லாத டிகிரி டாக்டரை ஏமாற்றிவிடும்.

மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். வீடியோ என்றால் பின்பக்கத்தைக் காட்டுங்கள். அம்மா 650 மி.கி. பாரசிட்டமாலை நேற்று நான்கு முறை எடுத்தார்: 2,600 மி.கி. கூடவே கடையில் வாங்கிய சளி மாத்திரை மூன்று. அட்டையைத் திருப்பினால், அதிலும் ஒவ்வொன்றிலும் 500 மி.கி. பாரசிட்டமால்! மொத்தம் 4,100. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி.தான் உச்ச வரம்பு. தாண்டினால் ஈரல் பாதிக்கப்படலாம். மிச்சமிருந்த ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, கஷாயம், தினசரி சர்க்கரை மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். மழைக்காலத்தில் டெங்குவும் சந்தேகத்தில் இருக்கும். அப்போது ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம்.

மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் போனில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து அதிக இருமலோடு திரும்பினாலும் நேரில் காட்டுங்கள். நுரையீரலில் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கலாம்.

இப்போது அதே பேச்சு: “அம்மாவுக்கு 62, சுகர் இருக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர்காய்ச்சல், ராத்திரியே இருமல். இன்னிக்குக் காலையில 102.4, எட்டு மணிக்கு டோலோ போட்ட பிறகு 99.5. நேத்து சளி மாத்திரையும் மூணு கொடுத்தோம். மூச்சுத்திணறல் இல்லை.” அரை நிமிடம்கூட ஆகாது.