மெஸ் பில்லுக்குப் பயந்து ரூம் எடுக்கும் முன்

ஒவ்வொரு ஆண்டும் இரண்டாம் செமஸ்டர் முடிகிற நேரத்தில் இந்தக் கதை என்னிடம் வருகிறது. இந்த முறை வந்தவன் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவன். அப்பா விசைத்தறியில் கூலி வேலை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருந்தான். ஹாஸ்டலில் மெஸ் பில் மாதம் 3,600 ரூபாய். அறை, கரண்ட், பராமரிப்பு 1,500. மொத்தம் 5,100. வெளியே நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் வாடகைப் பங்கு 2,500. மளிகை, காய்கறி 1,500. மொத்தம் 4,000. மாதம் 1,100 மிச்சம் என்று அடிக்கோடிட்டிருந்தான்.

அந்தக் கோட்டை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து, அவன் பெயரில் 10,200 ரூபாய் பாக்கி என்று ஹாஸ்டல் ஆபிஸில் சொல்கிறார்கள்.

"காலி பண்ணும்போது எழுதிக் கொடுத்தியாப்பா?"

"இல்ல சார். டெபுடி வார்டன்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன். சரி, போன்னு சொன்னாரு."

அந்த 'சரி, போ' எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பல கல்லூரி மெஸ்களில் நடப்பது டிவைடிங் முறை. மாதச் செலவு முழுவதையும் பட்டியலில் உள்ளவர்களுக்குப் பிரித்துப் போடுவார்கள். பட்டியலில் பெயர் இருக்கும்வரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பங்கு விழும். ஒரு மாணவன் போய்விட்டான் என்று தெரிந்தும் பெயரை அடிக்காத அலுவலர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் கடிதம் இல்லாமல் அவரிடம் வாதாட முடியாது.

ஆகவே காலி செய்வதற்கு முன்பே வார்டனுக்கு எழுதுங்கள். பெயர், பதிவு எண், அறை எண், எந்தத் தேதியிலிருந்து மெஸ் வேண்டாம், எந்தத் தேதியில் சாவி ஒப்படைக்கிறீர்கள், காஷன் டெபாசிட் திரும்ப வரவேண்டிய வங்கிக் கணக்கு எண் ஆகிய விவரங்கள் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஆபிஸ் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி இல்லை என்ற சான்றையும் கையோடு வாங்குங்கள்.

இனி அந்த 1,100 ரூபாய்க்கு வருவோம். கேஸைப் பையன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்கு பேருக்கு இரண்டு வேளை சமைத்தால் 5 கிலோ சிலிண்டர் பன்னிரண்டு நாள் ஓடும். ஒன்று 600 ரூபாய் என்று வைத்தாலும் தலைக்கு 375. கரண்டும் தண்ணீர் கேனும் 325. தேர்வு நாட்களில் யாரும் அடுப்புப் பக்கம் போகாமல் வெளியே சாப்பிட்டது 700. கூட்டினால் 5,400. ஹாஸ்டலைவிட 300 ரூபாய் அதிகம். பாத்திரம், அடுப்பு, அட்வான்ஸில் முடங்கிய பணம் இதில் சேரவில்லை.

அவன் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய். வெளியிலிருந்து வருபவருக்கு 7,000. ரூமுக்குப் போனால் 6,500 குறையும். இதை மறைத்து விடுதி மாணவர் என்றே விண்ணப்பித்தால், தெரியவரும்போது தொகையைத் திரும்பக் கட்ட நேரும். கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மெஸ் பில்லைக் குறைக்க ஹாஸ்டலுக்குள்ளேயே வழி உண்டு. ஊருக்குப் போகும் நாட்களுக்கு மெஸ் ரிடக்‌ஷன் கேட்கலாம். குறைந்தது எத்தனை நாள், எத்தனை நாள் முன்பு எழுத வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், விதியைப் படித்துக்கொள்ளுங்கள். பில் திடீரென ஏறினால் கணக்கைக் கேளுங்கள். அரசுக் கல்லூரியில் காட்ட மறுத்தால், அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த மாதத்துக்கான கொள்முதல் கணக்கு வேண்டும் என்று குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ரூம்தான் என்றால், சிலிண்டர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டுச் சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குக் கேஸ் பிடித்துத் தரும் கடைகள் சட்டவிரோதமானவை. வால்வும் சரியில்லை, எடையும் சரியில்லை. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் அடையாள அட்டை காட்டி எண்ணெய் நிறுவன ஏஜென்சியிலேயே 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். படுக்கும் அறையில் அடுப்பு வைக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: முத்திரை போட்ட கடிதப் பிரதியோ தபால் ரசீதோ கைக்கு வராமல் ஹாஸ்டல் அறைச் சாவியைக் கொடுக்காதீர்கள்.