பச்சைக்குள்ளேயே ஒரு சரிவு

கடந்த விடுமுறையில் ஒரு மாலை, பசறை வீதியிலுள்ள எங்கள் கடைக்கு வழமையாக வரும் தோட்டத்து அக்கா ஒருவர் உம்மாவின் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அது அவருடைய ஒன்பது மாத மகளின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலுள்ள நிறை வரைபு. "புள்ள சாப்பிடுறது கொறவு. ஆனா புள்ளி பச்சையிலதானே நிக்குது, பயமில்லதானே?" என்று கூடவே ஒரு குரல் பதிவு. நான் உயிரியல் படிப்பதால், பார்த்துச் சொல்லும்படி உம்மா என்னிடம் தந்தார்.

வரைபின் அடியில் வயது மாதங்களாகவும், இடது பக்கத்தில் நிறை கிலோகிராமாகவும் குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் வளைந்து செல்லும் கோடுகளை விளங்கிக்கொள்ள, ஒரே வயதுள்ள, நன்றாக வளரும் நூறு பெண் குழந்தைகளை நிறையின்படி வரிசையாக நிறுத்துவதாக எண்ணுங்கள். சரி நடுவில் நிற்கும் குழந்தையின் நிறைதான் இடையக் கோடு, அதாவது 50ஆம் சதமணை. அதற்குக் கீழுள்ள முதற் கோட்டின் கீழே ஏறத்தாழ 16 குழந்தைகளும், அடுத்த கோட்டின் கீழே இரண்டு மூன்று குழந்தைகளும் மட்டுமே நிற்பார்கள். நமது பதிவேட்டில் இக்கோடுகள் நியம விலகலின் பெயரால் −1, −2, −3 எனக் குறிக்கப்பட்டுள்ளன. −1 வரை பச்சை, −1 இலிருந்து −2 வரை இளம்பச்சை, அதற்குக் கீழே செம்மஞ்சள், அதன் பின் சிவப்பு.

நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பது நோயல்ல. நூறு பேரில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். ஆரோக்கியமான குழந்தை பொதுவாகத் தனக்கென ஒரு பாதையைப் பிடித்து, அருகிலுள்ள கோட்டுக்குச் சமாந்தரமாகவே ஏறிச் செல்லும். ஆகவே புள்ளி எந்த நிறத்தில் நிற்கிறது என்பதோடு, அது எங்கிருந்து அங்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தில் அதைத்தான் பார்த்தேன். நான்காம் மாதத்தில் குழந்தையின் நிறை 6.4 கிலோ. அது சரியாக இடையக் கோடு. ஆறாம் மாதத்தில் 7.1, கோட்டுக்குச் சற்றுக் கீழே. ஒன்பதாம் மாதத்தில் 7.2. அந்த வயதில் இடையம் 8.2, −1 கோடு 7.3. மூன்று மாதத்தில் கூடியது வெறும் 100 கிராம். நடுக்கோட்டில் இருந்த குழந்தை −1 கோட்டையும் தாண்டி இளம்பச்சைக்குள் இறங்கியிருந்தது. பச்சை என்று அக்கா ஆறுதலடைந்த இடத்திலேயே சரிவு இருந்தது.

ஆயினும் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சரிவாக எடுத்த படத்தில் கோடுகளும் சரிந்து தெரியும். ஒரு மாதக் கட்டம் தவறினாலும் புள்ளி இடம் மாறும். எனவே எழுதப்பட்ட நிறையை நேராகக் கேட்டு வாங்கினேன். உடுப்போடு நிறுத்திருந்தாலும் நிறை மாறும். பெரிதாகப் பிறந்த சில குழந்தைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் மெதுவாக இறங்கி, பின் ஒரு கோட்டோடு நிலைப்பதும் உண்டு. ஆனால் மாதம் மாதமாக நிறை ஏறாமல் தட்டையாக நின்றால் காரணம் தேட வேண்டும்.

"கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், மிட்வைஃப் மிஸ்ஸிடம் நாளைக்கே காட்டுங்கள்" என்றோம். அவர் உடுப்பின்றி மீண்டும் நிறுத்தார். நிறை சரியாகவே இருந்தது. நீளத்தையும் அளந்தார், அந்தக் கோடு இன்னும் இறங்கவில்லை. உணவு குறைந்தால் முதலில் நிறைதான் நிற்கும். அது நீடித்தால்தான் உயரமும் பின்தங்கும். பின்பு காரணம் தெரிந்தது. ஆறு மாதத்தின் பின் அக்கா கொழுந்து பறிக்கப் போக, பகலில் பிள்ளை மடுவத்தில் குழந்தைக்குக் கிடைத்தது தண்ணீராய்க் கரைத்த அரிசிக் கஞ்சி. இடையில் இரு தடவை வயிற்றோட்டமும் வந்திருந்தது. கஞ்சி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. கரண்டியைச் சரித்தாலும் வழியாத அளவு கெட்டியாக, பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மசித்த சோறு, முட்டை, தாய்ப்பால் தொடர்ச்சியாக, நோய் மாறியபின் ஒரு வேளை கூடுதலாக என்று மிஸ் சொல்லிக் கொடுத்தார்.

"தோட்டத்துப் பிள்ளைகள் சின்னதாத்தானே இருக்கும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. இந்தக் கோடுகள் 2006இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்த குழந்தைகளை அளந்து வரையப்பட்டவை. அந்தக் குழந்தைகள் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியே வளர்ந்தார்கள். நான்காம் மாதத்தில் நடுக்கோட்டில் நின்ற இந்தக் குழந்தையும் பிறப்பால் சின்னதல்ல.

பத்தாம் மாதம் 7.6, பதினோராம் மாதம் 7.9 என்று அக்கா மீண்டும் படம் அனுப்பினார். இம்முறை பக்கத்தைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து எடுத்திருந்தார். புள்ளி −1 கோட்டுக்கு மேலே வந்திருந்தது. குரல் பதிவில் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "போன மாசத்தவிட முந்நூறு கிராம் கூடியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.